தற்காலிக அடைப்பு

சனிக்கிழமை காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது, ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் என் மனைவியின் இடது கன்னம். உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்றைத் துண்டில் சுற்றித் தாடையில் அழுத்திக்கொண்டு, ஃப்ரிட்ஜ் கதவை மூடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"லைட்டப் போடாதீங்க" என்றாள்.

போட்டேன். பொட்டலத்தை எடுக்கச் சொன்னேன். கன்னத்துக்கும் கழுத்துக்கும் நடுவே தாடை எலும்பின் கோடு தெரியவில்லை. வலது பக்கம் இருந்தது, இடது பக்கம் இல்லை.

"ரொம்பத் தெரியுதா?"

"தெரியுது."

"எவ்ளோ தெரியுது?"

"இடது பக்கம் ஒரு கொழுக்கட்டைய அடக்கி வச்ச மாதிரி."

"வலிக்குதுங்கறேன், பலகாரம் சொல்றீங்க."

கனடாவில் அது எங்களுக்கு நான்காவது மாதம். ஜன்னலுக்கு வெளியே பனி முழங்கால் உயரம் கிடந்தது. வாடகைக்கு எடுத்திருந்தது ஒரு வீட்டின் அடித்தளம். அவள் ஏஜென்சி மூலமாக ஒரு கணக்கு அலுவலகத்தில் தற்காலிக வேலை பார்த்தாள். தஞ்சாவூரில் ஒரு நாளிதழில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்த நான், இங்கே மளிகைக் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கினேன். இரண்டு வேலையிலும் சம்பளம் உண்டு. இரண்டிலும் பல்லுக்கான காப்பீடு இல்லை. அரசு கொடுத்த மருத்துவ அட்டை எங்களிடம் இருந்தது. அதைக் காட்டினால் காலை உடைத்துக்கொண்டு போனாலும் இலவசமாகக் கட்டுப் போடுவார்கள். பல் அதில் சேராது. பல்லை உடலின் பகுதியாகக் கணக்கில் எடுக்காத ஒரு சட்டத்தை யார் எப்போது எழுதினார்கள் என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன்.

வீங்கிய இடத்துக்குக் காரணமான கடைவாய்ப் பல்லை நாங்கள் தஞ்சாவூரிலிருந்தே கொண்டுவந்திருந்தோம். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு அதில் வலி வந்தது. புது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பல் டாக்டர் ரூட் கெனால் தொடங்கினார். முதல் முறை பல்லைத் திறந்து உள்ளே இருந்த நரம்பை எடுத்தார். இரண்டாம் முறை சுத்தம் செய்து மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்தார். மூன்றாம் முறை வேரை நிரப்ப வேண்டும், அதற்குப் பிறகு கேப் போட வேண்டும். அந்த மூன்றாம் முறைக்கு நாங்கள் போகவில்லை. பேராவூரணியில் அவளுடைய அம்மா வீட்டில் ஒரு விருந்து, வலங்கைமானில் என் அக்கா வீட்டில் ஒரு விருந்து, மயிலாடுதுறையில் குலதெய்வத்துக்கு ஒரு நாள். வெளிநாடு போகிறவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்புவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. சாப்பிட்ட அத்தனையையும் அவள் வலது பக்கமாக மென்று சாப்பிட்டாள்.

"இது டெம்பரரிதாம்மா. ஒரு மாசத்துக்கு மேல இத நம்பாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

என் மாமியாருக்கு அதில் கவலை இருக்கவில்லை. "போற எடத்துல டாக்டரே இல்லையா மாப்ளே? இங்கேருந்து எல்லாரும் அங்க போயில்ல வைத்தியம் பாக்குறான்?" என்றார்.

அந்த வாதத்தில் அப்போது எனக்கும் குறை தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஏழு மணிக்கு, மாகாண அரசின் இலவசத் தொலைபேசியில் ஒரு செவிலியரிடம் பேசினேன். அவர் வரிசையாகக் கேள்வி கேட்டார். காய்ச்சல் இருக்கிறதா? இல்லை. எச்சில் விழுங்க முடிகிறதா? முடிகிறது. மூச்சு விடச் சிரமமா? இல்லை. கண் பக்கம் வீக்கம் ஏறுகிறதா? இல்லை. வாயை எவ்வளவு திறக்க முடிகிறது? இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்க்கச் சொன்னார். நுழைந்தது. இவற்றில் ஒன்று மாறினாலும் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், அதுவரை இது பல் மருத்துவரின் வேலை, ஆனால் ஒரு நாளைக்குள் பார்த்துவிடுங்கள் என்றார். பேசி முடித்தபோது எனக்குத் தெளிவாக இருந்தது. வீக்கம் காத்திருக்காது. அவளுடைய மேல்வரிசையில் இருந்த சிறிய சொத்தை காத்திருக்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் குலுங்கிக் கம்பியில் இடித்து உடைந்த என் முன்பல் ஆறு வருடமாகக் காத்துக்கொண்டுதான் இருந்தது.

ஒரு நாளைக்குள் யாரைப் பார்ப்பது என்பதைச் செவிலியரால் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை திறந்திருந்த மூன்று தனியார் கிளினிக்குகளைக் கூப்பிட்டேன். மூன்றிலும் முதல் கேள்வி, "எந்த இன்சூரன்ஸ்?" இல்லை என்றதும் குரலில் மரியாதை குறையவில்லை, வேகம் குறைந்தது. பார்ப்பதற்கு ஒன்று, எக்ஸ்ரேக்கு ஒன்று, ரூட் கெனாலுக்கு ஒன்று, கேப்புக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் எங்கள் இரண்டு மாத வாடகையைத் தாண்டியது. முழுத் தொகையும் அன்றைக்கே வேண்டும். பல்லை எடுப்பதற்கு மட்டும் எவ்வளவு என்று மூன்றாவது இடத்தில் கேட்டேன். அது மற்றதில் சிறு பங்குதான். அவள் அடுப்படியிலிருந்து கையை ஆட்டினாள்.

"எடுக்கறதா இருந்தா தஞ்சாவூர்லயே எடுத்திருப்பேன். பாதி வேல முடிஞ்ச பல்லு. முப்பத்தஞ்சு வயசுல எதுக்குப் பல்லப் புடுங்கிட்டு உக்காரணும்?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டின் பிரச்சினை இதுதான்: அந்தப் பல்லைக் காப்பாற்ற வேண்டும், எங்களால் முடிந்த செலவில், வீக்கம் எங்களை முந்துவதற்குள்.

பத்து மணிக்கு மேல்மாடிக்காரர் பனி தள்ளும் மண்வாரியோடு இறங்கி வந்தார். கூத்தாநல்லூர்க்காரர். பதினெட்டு வருடம் வளைகுடாவில் வண்டி ஓட்டிவிட்டு, இப்போது இங்கே லாரி ஓட்டுகிறார். என்னைத் தம்பி என்பார், அவளைத் தங்கச்சி என்பார். விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி, இதுக்குப் போயி இங்க பல்லக் காட்டுறீங்களா? டிக்கெட்டப் போடுங்க. ஊருக்குப் போயி பல்லையும் பாத்துட்டு, எங்க புள்ளைங்களுக்கு முறுக்கும் வாங்கிட்டு வந்துடலாம். கணக்குப் போட்டா சரியா வரும்."

"சரியா வருதா அண்ணே?"

"வரும். எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான். வருசம் முழுக்க வாயை மூடிக்கிட்டிருந்து, ஜூலைல போயி ஒரே மூச்சா எல்லாத்தையும் செஞ்சுட்டு வந்துடுவோம்."

"இது ஜனவரி அண்ணே" என்றாள் அவள், பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னாலிருந்து.

"அப்ப மாத்திரையப் போட்டு அமுக்கி வைங்க தங்கச்சி. இல்லாமலா வந்திருப்பீங்க?"

இல்லாமல் வரவில்லை. எங்கள் ஊரிலிருந்து விமானம் ஏறும் யாரும் இல்லாமல் வருவதில்லை. பெட்டியின் ஓரத்தில் ஜிப் வைத்த பையில் காய்ச்சலுக்கு, வயிற்றுப்போக்குக்கு, சளிக்கு, அலர்ஜிக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் பேர் சொல்லி வாங்கிய அட்டைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் என் மாமியார் பால்பாயிண்ட் பேனாவால் நோயின் பெயரை எழுதியிருந்தார். "பல் வீக்கம்" என்று எழுதியதில் பத்து அமாக்ஸிசிலின் கேப்சூல் இருந்தது. டாக்டர் முன்பு எழுதிக்கொடுத்த அதே மாத்திரையைக் கூடுதலாக வாங்கி வைத்திருந்தார்.

ஒரு நாளைக்கு மூன்று என்று அன்றே ஆரம்பித்தாள். மேல்மாடிக்காரர் போகும்போது படியில் நின்று ஒன்று சொன்னார். "டாக்டர்ட்டப் போனா இந்தியா மாத்திர சாப்டேன்னு வாயத் தொறந்துடாதீங்க. எந்த டாக்டர் குடுத்தான், சீட்டு எங்கேன்னு நோண்டுவான். நமக்கு எதுக்கு வம்பு?"

அவருக்கு அப்படி நடந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

திங்கட்கிழமை கிடங்குக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மறுபடி போனை எடுத்தேன். மத்திய அரசு நடத்தும் பல் திட்டம் ஒன்று இருக்கிறது, காப்பீடு இல்லாதவர்களுக்கு, எங்கள் வருமானத்துக்குப் பொருந்தும் என்று இணையத்தில் படித்திருந்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தார். சென்ற ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கு இங்கே தாக்கலாகியிருக்க வேண்டும் என்றார். நாங்கள் வந்ததே அக்டோபரில். இந்த வசந்தத்தில்தான் முதல் கணக்கைத் தாக்கல் செய்வோம். அப்படியானால் அதற்குப் பிறகு விண்ணப்பியுங்கள் என்றார். எங்கள் வருமானம் குறைவு என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை. குறைவு என்று நிரூபிப்பதற்கான காகிதம் எங்களுக்கு இன்னும் பிறக்கவில்லை.

அடுத்தது நகரத்தின் சமூக நல மையம். அங்கே பல் நாற்காலி உண்டு. பதினேழு வயது வரை பிள்ளைகளுக்கு உண்டு, அறுபத்தைந்துக்கு மேல் முதியவர்களுக்கு உண்டு. நடுவில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். வழக்கமாகக் காப்பீடு வைத்திருப்பார்கள் என்றார் எடுத்தவர். பிறகு தானாகவே, பல் மருத்துவக் கல்லூரியை முயன்றீர்களா என்று கேட்டார். அந்த மூன்று நாட்களில் எனக்குக் கிடைத்த முதல் உபயோகமான தகவல் அது.

கல்லூரியில் காலையில் அவசரப் பிரிவு இருந்தது. முன்பதிவு கிடையாது, வருகிற வரிசையில் பார்ப்பார்கள். மாணவர்கள் பார்ப்பார்கள், ஆசிரியர் மேற்பார்வை. கட்டணம் வெளியே கேட்டதில் பாதிக்கும் கீழே. வலி, வீக்கம், ரத்தப்போக்கு, அடிபட்ட பல் ஆகியவை அன்றே. மற்றதெல்லாம் பட்டியல்.

"வீக்கம் அன்னைக்கே" என்று அவளிடம் சொன்னேன். நிம்மதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குப் பஸ் ஏறும்போது, நிறுத்தத்தின் விளக்கில் அவள் முகத்தைப் பார்த்தேன். தாடையின் கோடு திரும்பி வந்திருந்தது. மூன்று நாள் மாத்திரை வேலை செய்திருந்தது. நல்லதுதானே என்று நினைத்தேன்.

வரவேற்பு மேசையில் இருந்தவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு என்னை நோக்கி, "உங்களுக்குத்தானே?" என்றார். என் முன்பல்லைத்தான் பார்க்கிறார். இல்லை, இவளுக்கு என்றேன். அவர் நம்பாமல் எழுதிக்கொண்டார்.

உள்ளே நோயாளியை மட்டும் அனுமதித்தார்கள். இரண்டு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். எதிரே கன்னம் வீங்கிய ஒரு ஆள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த அவரை எங்களுக்கு முன்னால் கூப்பிட்டார்கள். என் பழைய வேலையில் எது முதல் பக்கம், எது நாளைக்கு என்று தினமும் முடிவெடுத்தவன் என்பதால் அதில் தப்பு சொல்ல முடியவில்லை. பார்வைக்கு அவருடையது முதல் பக்கம்.

அவள் வெளியே வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு.

"நல்ல பொண்ணுங்க. கல்லூரிப் புள்ள. ரொம்பப் பொறுமையாப் பாத்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

"எக்ஸ்ரே எடுத்தாங்க. வேருக்குக் கீழ நெழல் மாதிரி இருக்காம், பழைய கிருமி. வேலை பாதில நிக்குதுன்னாங்க. மறுபடி ரூட் கெனால் பண்ணலாமாம். காய்ச்சல் இல்ல, வீக்கம் இல்ல, தட்டினாக் கொஞ்சமா வலிக்குது. அவசரம் இல்லையாம். பட்டியல்ல போட்டிருக்காங்க."

"எப்ப?"

"ரெண்டு மூணு மாசம் ஆகும்னாங்க. வேணும்னா இன்னைக்கே எடுத்துடலாம்னாங்க. நான் வேணாம்னுட்டேன்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டேன். "வீங்கியிருந்ததச் சொன்னியா?"

"ரெண்டு நாளா லேசா இருந்துச்சு, போயிடுச்சுன்னேன்."

"மாத்திர சாப்பிட்டதச் சொன்னியா?"

ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஏதாவது மருந்து எடுக்கிறீங்களான்னு கேட்டாங்க. இல்லேன்னேன்."

"ஏன்?"

"அண்ணன்தான் சொன்னாருல்ல, வம்புன்னு. அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டே கேக்குது. எழுதற எடத்துல எதுக்குன்னு..."

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எழுதிக்கொள்ளாமல் கேட்டால் உண்மையைச் சொல்வோம். எழுதிக்கொண்டே கேட்டால் யோசிப்போம். பட்டா மாற்றலோ மக்கள்தொகைக் கணக்கோ, எதிரே பேனா இருந்தால் பாதிப் பேச்சு வாய்க்குள்ளேயே நின்றுவிடும். பதினாறு வருடம் குறிப்பேடும் கையுமாக அந்தத் தயக்கத்தை எதிரே பார்த்தவன் நான். அது என் பக்கத்து இருக்கையில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

அவளிடம் கோபப்பட்டேன். பஸ்ஸில் தமிழ் தெரிந்தவர்கள் இருக்கலாம் என்பதால் மெதுவாகக் கோபப்பட்டேன். வீக்கத்தோடு போக வேண்டிய இடத்துக்கு வீக்கத்தை இறக்கிவிட்டுப் போயிருக்கிறோம் என்றேன்.

"வலி தாங்காமச் சாப்டேன். உங்க பட்டியலுக்காக வீங்கிக்கிட்டே ஒக்காந்திருக்கணுமா?" என்றாள்.

திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று கேட்டேன். அன்றைய வரிசை முடிந்துவிட்டது. மறுநாள் அவளுக்கு வேலை. ஏஜென்சி வேலையில் இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் வேறு ஆளை அனுப்புவார்கள்.

"பரவால்ல விடுங்க. நாம கடமடைதானே. தண்ணி கடைசியாத்தான் வரும்" என்றாள்.

பேராவூரணி கல்லணைக் கால்வாயின் கடைசி. மேட்டூர் திறந்து எல்லோருக்கும் பாய்ந்த பிறகு மிச்சம் இருந்தால்தான் அங்கே வரும். அவளுடைய அப்பா அதைக் கோபமாகச் சொல்வார். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

அட்டையில் இருந்த பத்தாவது கேப்சூலும் அன்று காலையே தீர்ந்திருந்தது. டாக்டர் எழுதினால் ஐந்து நாளோ ஏழு நாளோ எழுதுவார். எங்களிடம் இருந்தது மூன்று நாளுக்குக் கொஞ்சம் மேல். உள்ளே திறந்து சுத்தம் செய்யாதவரை எத்தனை நாள் சாப்பிட்டாலும் அது மூடி போடுவதுதான் என்பது பிறகு தெரிந்தது.

அடுத்த பத்து நாள் வீட்டில் யாரும் பல்லைப் பற்றிப் பேசவில்லை. அவள் இட்லி, ரசம் சாதம், கஞ்சி என்று மென்மையானதாகச் சாப்பிட்டாள். ஒரு நாள் மதியம் அலுவலகத்தில் வறுத்த கடலையை மறந்துபோய் இடது பக்கம் கடித்ததாகவும், 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாகவும் சொன்னாள். கண்ணாடியில் பார்த்தோம். தற்காலிக அடைப்பில் ஒரு மூலை போயிருந்தது. மருந்துக் கடையில் பல் குழியை மூடும் பசை விற்றார்கள். அதை வாங்கி அப்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீக்கம் திரும்பி வந்தது. இம்முறை தாடைக்குக் கீழேயும் இறங்கியிருந்தது. தொட்டால் கல் போல இருந்தது. உடம்பு சுட்டது. செவிலியர் சொன்ன கேள்விகளை நானே கேட்டேன். விழுங்கினால் வலிக்கிறது என்றாள். வாயைத் திறக்கச் சொன்னேன். ஒரு விரல் நுழைந்தது, இரண்டாவது நுழையவில்லை.

மேல்மாடிக்காரர் செருப்போடு பனியில் இறங்கி வந்து காரை எடுத்தார். மருத்துவமனை வாசலில், "தங்கச்சி, நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க. எல்லாத்தையும் சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

சொன்னாள். வாய் திறக்காததால் அவள் பாதி சொல்ல, மீதியை நான் சொன்னேன். மாமியார் எழுதிய காலி மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அவசரப் பிரிவு டாக்டர் அதை வாங்கி மருந்தின் பெயரைப் படித்தார். எந்த டாக்டர் கொடுத்தார் என்று கேட்கவில்லை. எத்தனை நாள், எப்போது நிறுத்தினீர்கள் என்பதை மட்டும் கேட்டார். நரம்பில் மருந்து ஏற்றினார்கள். தொண்டைப் பக்கம் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். பரவவில்லை.

"பல்லை இங்கேயே பார்த்துவிட முடியாதா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டது போலத் தெரிந்தது. இங்கே எலும்பு சேர்ப்போம், குழந்தை பிறக்க வைப்போம், பல் நாற்காலி மட்டும் இல்லை என்றார். நாளைக் காலை கட்டாயம் பல் மருத்துவரிடம் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மருத்துவமனைச் செலவு அட்டையில் சேர்ந்தது. அவர் எழுதிய மாத்திரை சேரவில்லை, வெளியே காசு கொடுத்து வாங்கினோம்.

திங்கட்கிழமை கல்லூரியில் வரவேற்பு மேசைக்காரர் இம்முறை என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார், எழுந்து போய் ஒரு ஆசிரியையைக் கூட்டிவந்தார். நரைத்த தலைமுடி, மெல்லிய குரல். மொழிபெயர்க்க என்று சொல்லிக்கொண்டு நானும் உள்ளே போனேன்.

மரத்துப்போகும் ஊசி போட்டு, வாய் கொஞ்சம் திறந்ததும் அடைப்பை எடுத்தார்கள். ஆசிரியை ஒரு மெல்லிய கருவியைப் பல்லின் ஓரமாக ஈறுக்குள் விட்டார். ஒரே ஒரு இடத்தில் அது ஆழமாக இறங்கியது. அந்த இடத்தில் மை போன்ற ஒரு நிறத்தைத் தடவித் துடைத்தார். பல்லின் நடுவே ஒரு கோடு நின்றது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பல் மேலிருந்து கீழாகப் பிளந்திருக்கிறது, பிளவு எலும்புக்குக் கீழே போகிறது, இதில் ரூட் கெனால் நிற்காது என்றார்.

"போன முறை எக்ஸ்ரேயில் தெரியலையே?"

இந்த மாதிரிப் பிளவு பல நேரம் எக்ஸ்ரேயில் தெரியாது என்றார். அன்றைக்கே இருந்ததா, பிறகு வந்ததா என்பதைச் சொல்ல முடியாது. அன்று வீக்கத்தோடு வந்திருந்தால் அன்றே பல்லைத் திறந்து சீழை வெளியேற்றி, மேலே பலமாக அடைத்து, அடுத்த வாரமே வரச் சொல்லியிருப்பேன் என்பதை மட்டும் சொல்ல முடியும் என்றார். குற்றம் சாட்டும் தொனி இல்லை.

நான் அவளிடம் அதை மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, அவளோடு நடைபாதைக்கு வந்து தஞ்சாவூர் டாக்டருக்குப் புது எக்ஸ்ரேயையும் பிளவின் படத்தையும் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். அங்கே இரவு எட்டரை, கிளினிக்கில் ஆள் இருக்கும் நேரம். பின்னால் டிரில் சத்தம் கேட்டது.

"சார், அன்னைக்கே சொன்னேனே, ஒரு மாசம்னு" என்றார்.

"சொன்னீங்க டாக்டர். இப்ப என்ன பண்றது?"

டிரில் சத்தம் நின்றது. படத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"எடுத்துடச் சொல்லுங்க சார். நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன். ஊருக்கு வர்ற வரைக்கும் வச்சிருக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. கழுத்துல எறங்குனா உயிருக்கு ஆபத்து. அம்மா பேசறாங்களா?"

போனை அவளிடம் கொடுத்தேன். ஊசியில் உதடு மரத்திருந்தது. "டாக்டர்" என்றாள். அவர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போனைக் காதில் வைத்தபடி தலையை ஆட்டினாள். அவருக்கு அது தெரியாது என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது போல, "ம்" என்றாள்.

திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். போன முறை பார்த்த அதே மாணவிதான் கருவியைக் கொண்டுவந்தாள். சம்மதத் தாளில் கையெழுத்து வாங்கும்போது, வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று எழுதிக்கொண்டே கேட்டாள். என் மனைவி மருத்துவமனை கொடுத்த மாத்திரை, வலி மாத்திரை, மேல்மாடிக்காரரின் மனைவி கொடுத்த கிராம்புத் தைலம், பசை, காலையில் குடித்த சுக்குக் கஷாயம் எல்லாவற்றையும் சொன்னாள். மரத்த வாயில் அதைச் சொல்லி முடிக்க நேரமாயிற்று. மாணவி எல்லாவற்றையும் எழுதினாள்.

பல் இரண்டு துண்டாக வந்தது. சீழை வெளியேற்றி, கழுவி, ஒரு தையல் போட்டார்கள். பஞ்சுத் துணியை வைத்து அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். வெளியே கட்டணம் கட்டினோம். எங்களால் கட்ட முடிகிற தொகைதான்.

நான்கு நாளில் வீக்கம் முழுவதும் இறங்கியது. தையல் தானாகக் கரைந்துவிட்டது. அவள் வலது பக்கமாக மெல்லுகிறாள்.